எந்தக் கிழமை, எந்த மணிக்குக் கூட்டம்? ஹோட்டல் விற்பனைக்கு ஹீட்மேப் போடும் முறை

ஹோட்டல் நடத்துகிற யாரிடம் கேட்டாலும் "ஞாயிறு காலை கூட்டம், செவ்வாய் சாயங்காலம் டல்" என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு கூட்டம், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு வடிகிறது, சனிக்கும் ஞாயிறுக்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா என்று கேட்டால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். பில் போடும் சாஃப்ட்வேரில் இதற்கான விடை ஏற்கனவே இருக்கிறது. அதை வெளியே எடுத்து, கிழமை ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் என்று ஒரு கட்டம் போட்டு, விற்பனைக்கு ஏற்ப நிறம் ஏற்றினால் போதும். அதைத்தான் ஹீட்மேப் என்கிறோம்.

கூகுள் ஷீட்ஸில் செய்வதாக வைத்து எழுதுகிறேன், ஏனென்றால் அது இலவசம், போனிலும் திறந்து பார்க்கலாம். எக்செல்லில் எங்கே மாறுகிறதோ அங்கே மட்டும் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 60 பேர் உட்காரக்கூடிய ஒரு சைவ ஹோட்டல்: அலுவலகங்கள் இருக்கும் தெரு, காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10:30-க்கு மூடுகிறார்கள், மதியம் மீல்ஸ், மாலையில் டீ, பஜ்ஜி. மாதம் 2025 ஆகஸ்ட். நாட்காட்டி நிஜம், ரூபாய்க் கணக்கு விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டது.

முதலில் பில் விவரம்

உங்கள் சாஃப்ட்வேரில் பில் வாரியான ரிப்போர்ட்டை CSV-ஆக எடுங்கள். நாள் மொத்தம் மட்டும் காட்டும் ரிப்போர்ட் இதற்கு உதவாது, ஒரு பில்லுக்கு ஒரு வரி வேண்டும். நமக்குத் தேவை நான்கே நான்கு பத்திகள்: பில் எண், தேதி, நேரம், தொகை. தொகை என்பது தள்ளுபடி போக, ஜிஎஸ்டி சேர்க்காத தொகையாக இருந்தால் நல்லது.

கேன்சல் ஆன பில்களும் பல ரிப்போர்ட்டுகளில் தொகையோடு வந்து உட்கார்ந்திருக்கும், அவற்றை எடுத்துவிடுங்கள். கடைசி வரியில் மொத்தம் இருந்தால் அதையும் அழியுங்கள், ஆனால் அழிப்பதற்கு முன் அந்தத் தொகையை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சரிபார்க்கத் தேவைப்படும்.

இப்போது இறக்குமதி. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு புதிய ஷீட்டைத் திறந்து, எதையும் ஏற்றுவதற்கு முன்பே File > Settings போய் Locale என்ற இடத்தில் India தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு File > Import வழியாக CSV-யை ஏற்றுங்கள். Locale அமெரிக்காவில் இருந்தால், அது மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் வைத்துப் படிக்கும். 05/08/2025 என்பது நமக்கு ஆகஸ்ட் 5, அதற்கு மே 8. 13/08/2025 வரும்போது 13-வது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும்.

இப்படி ஆகியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். தேதிப் பத்தியில் சில வரிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். ஆகஸ்ட் ரிப்போர்ட்டில் ஜனவரி 8, பிப்ரவரி 8, மார்ச் 8 என்று எல்லா மாதத்தின் 8-ஆம் தேதியும் வரிசையாக வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், புரண்டுவிட்டது. அந்த ஷீட்டை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அழித்துவிட்டு Locale மாற்றி மறுபடி ஏற்றுவதுதான் வேகமான வழி. எக்செல்லில் CSV-யை இரட்டை கிளிக் செய்து திறந்தாலும் கம்ப்யூட்டரின் தேதி அமைப்பைப் பொறுத்து இதே கூத்து நடக்கும். அங்கே Data > From Text/CSV வழியாகக் கொண்டுவந்து தேதி எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

நேரப் பத்தியையும் ஒரு பார்வை பாருங்கள். சில ரிப்போர்ட்டுகளில் மதியம் 1:10 என்பது AM, PM எதுவும் இல்லாமல் வெறும் 01:10 என்று வரும். அதை அப்படியே விட்டால் உங்கள் மீல்ஸ் விற்பனை முழுக்க நள்ளிரவு 1 மணியில் போய் நிற்கும்.

கிழமையும் மணியும்

இந்த ஷீட்டுக்கு Bills என்று பெயர் வைத்து, A-யில் பில் எண், B-யில் தேதி, C-யில் நேரம், D-யில் தொகை என்று அடுக்குங்கள். E2-விலும் F2-விலும் முறையே இவை:

```
=WEEKDAY(B2,2)
=HOUR(C2)
```

இரண்டையும் கடைசி பில் வரை இழுத்துவிடுங்கள். WEEKDAY-க்குள் இருக்கும் அந்த 2, திங்களை 1 என்றும் ஞாயிறை 7 என்றும் எண்ணச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் ஞாயிறு 1 ஆகி எல்லாக் கிழமையும் ஒன்று தள்ளிப்போகும். HOUR மணியை மட்டும் எடுக்கும், ஆகவே 13:00 முதல் 13:59 வரை எல்லாம் 13.

நள்ளிரவு தாண்டி நடக்கும் கடை என்றால் ஒரு சின்ன மாற்றம் வேண்டும். சனி இரவு 12:40-க்குப் போட்ட பில் கணினிக்கு ஞாயிறு, கடைக்காரருக்கோ அது சனிக்கிழமை வியாபாரம்தான். அப்படிப்பட்ட கடைக்கு E2-வில் இதைப் போடுங்கள், விடியற்காலை 3 மணி வரை முந்தின நாள் கணக்கிலேயே சேரும்:

```
=WEEKDAY(B2+C2-TIME(3,0,0),2)
```

கட்டம்

Map என்று இரண்டாவது ஷீட் ஒன்று. முதல் வரிசையில் B முதல் H வரை திங்கள், செவ்வாய் என்று கிழமைப் பெயர்கள். இரண்டாம் வரிசையில் 1 முதல் 7 வரை எண்கள். மூன்றாம் வரிசையில், அந்த மாதத்தில் அந்தக் கிழமை எத்தனை நாள் கடை திறந்திருந்தது என்ற எண்ணிக்கை. A4-இலிருந்து கீழே 6, 7, 8 என்று 22 வரை மணிகள்.

மூன்றாம் வரிசை எதற்கு என்று தோன்றலாம். 2025 ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை பிறந்தது, 31 நாள். அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு ஐந்து முறை வந்தன, மற்ற கிழமைகள் நான்கே முறை. வெறும் மொத்தத்தைப் போட்டு நிறம் ஏற்றினால் வார இறுதி மூன்று நாளும் நான்கில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும், அது வியாபாரத்தால் வந்தது இல்லை, நாட்காட்டியால் வந்தது. எனவே நாள் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளுக்கான சராசரியாக்கித்தான் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைக் கையால் எழுதினாலும் சரி, ஏழே எண்கள்தானே. ஷீட்ஸே எண்ண வேண்டும் என்றால் B3-ல் இப்படி:

```
=COUNTUNIQUEIFS(Bills!$B:$B,Bills!$E:$E,B$2)
```

இந்த ஃபங்ஷன் எக்செல்லில் கிடையாது. நள்ளிரவு மாற்றம் செய்த கடைக்கும் இது சரியாக எண்ணாது. அந்த இரண்டு இடத்திலும் கையால் எழுதிவிடுங்கள். ஒரு நாள் கடை மூடியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது B4-ல் முக்கியமான ஃபார்முலா:

```
=SUMIFS(Bills!$D:$D,Bills!$E:$E,B$2,Bills!$F:$F,$A4)/B$3
```

தொகைகளில் கிழமை B2-ஓடு பொருந்துவதையும் மணி A4-ஓடு பொருந்துவதையும் மட்டும் கூட்டி, நாள் எண்ணிக்கையால் வகுக்கிறது. டாலர் குறிகளை அப்படியே வையுங்கள், அவை இருந்தால்தான் இந்த ஒரே ஃபார்முலாவை H20 வரை இழுக்க முடியும். இழுத்தபின் 119 செல்கள் நிரம்பியிருக்கும். Format > Number போய் தசமத்தை எடுத்து முழு ரூபாயாக்குங்கள், பைசா தெரிந்தால் கண்ணுக்கு இடைஞ்சல்.

நிறத்துக்குப் போவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. ஏதாவது காலிச் செல்லில் இதைப் போடுங்கள்:

```
=SUMPRODUCT(B4:H20*B3:H3)
```

இது சராசரிகளை மறுபடி மாத மொத்தமாக்கும். முதலில் தாளில் குறித்தீர்களே, அந்தத் தொகையிலிருந்து கேன்சல் பில்களைக் கழித்தால் இதுவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால், உங்கள் கட்டத்தில் இல்லாத மணிகளில் பில்கள் இருக்கின்றன அல்லது தேதி சில வரிகளில் எழுத்தாக நிற்கிறது. வித்தியாசம் சின்னதாக இருந்தாலும் விடாதீர்கள், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நிறத்தைத் தொட வேண்டும். நிறம் ஏறிவிட்டால் தப்பான எண்ணும் பார்க்க அழகாகவே இருக்கும்.

நிறம் ஏற்றுவது

B4:H20 தேர்ந்தெடுத்து, Format > Conditional formatting, அதில் Color scale என்ற தாவல். எக்செல்லில் Home > Conditional Formatting > Color Scales > More Rules. ஷீட்ஸில் Minpoint, Midpoint, Maxpoint என்று மூன்று பெட்டிகள் வரும். பெரும்பாலானவர்கள் தயாராக இருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை வகையைச் சொடுக்கிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நான் அதை வேண்டாம் என்பேன். விற்பனை குறைவாக இருப்பது தவறு இல்லையே, மாலை 4 மணிக்கு டீ வியாபாரம் சிவப்பில் கிடந்தால் பார்ப்பவர் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார். ஆண்களில் சிலருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது, அதை அவர்கள் வெளியில் சொல்வதும் இல்லை. கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினால் அடர்சிவப்பும் அடர்பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். ஒரே நிறம், வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு: அது போதும். நான் வைப்பது குறைந்த பக்கம் #FFF8E1, அதிகப் பக்கம் #EF6C00. இந்த ஆரஞ்சின் மேல் கறுப்பு எண் நன்றாகப் படிக்க முடிகிறது. இன்னும் அடர்த்தியாக்கினால் எண் மறைந்துவிடும்.

Midpoint-ஐ None என்று விடுங்கள். Minpoint-ல் Min value என்று இருப்பதை Number ஆக்கி 0 கொடுங்கள். இல்லாவிட்டால் கட்டத்திலேயே குறைந்த செல், அதில் ₹1,800 விற்றிருந்தாலும், ஒன்றுமே விற்காத மாதிரி வெளிறித் தெரியும். Maxpoint-ல் Max value-க்குப் பதில் Percentile, 95.

அந்த 95 ஏன் என்பதற்கு ஆகஸ்ட் 27 நல்ல உதாரணம். அன்று புதன், விநாயகர் சதுர்த்தி. ஒரு அலுவலகத்துக்கு மொத்தமாகச் சாப்பாடு கொடுத்து, காலை 11:20-க்கு ₹48,000-க்கு ஒரே பில் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு புதன்களில் பரவியதும் அது ஒரு நாளுக்கு ₹12,000. வழக்கமாக ₹2,200 இருக்கும் புதன் 11 மணிச் செல் ₹14,200 ஆகி, மீல்ஸ் நேரத்து ₹14,000-ஐயே தாண்டிவிடும். மொத்தப் பில் இதைவிடப் பெரிதாக, லட்சத்தில் இருந்தால், அந்த ஒரு செல் மட்டும் அடர்ந்து மற்ற 118 செல்களும் சோகை பிடித்த மாதிரி வெளிறிப்போகும். Percentile 95 என்றால் உச்சியில் இருக்கும் ஆறேழு செல்கள் எல்லாம் ஒரே முழு அடர்த்தி, மீதி வித்தியாசம் மற்ற செல்களுக்குப் பங்காகிறது.

ஆனால் இது நிறத்தை மட்டும்தான் காப்பாற்றும், புதன் 11 மணி இன்னும் பொய்தான் சொல்கிறது. ஆகவே Bills ஷீட்டைத் தொகை வாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பெரிய பில்களைக் கண்ணால் பாருங்கள். கேட்டரிங், மொத்த ஆர்டர் எல்லாவற்றையும் வெட்டி வேறொரு ஷீட்டில் வையுங்கள். ஆகஸ்ட் 15-ம் வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். அலுவலகத் தெருவில் அன்று மதியம் வெறிச்சோடும், ஐந்து வெள்ளிகளில் ஒன்று அப்படி என்றால் சராசரி இறங்கத்தான் செய்யும். பண்டிகையும் விடுமுறையும் இல்லாத மாதம் கிடைப்பது நம் ஊரில் அரிது, அதனால் அந்த நாட்களை நீக்கிவிட்டு நாள் எண்ணிக்கையையும் குறைத்துக்கொள்வதே நடைமுறைக்குச் சரிவரும்.

கடை மூடியிருக்கும் நேரமும் விற்காத நேரமும் ஒன்று இல்லை. மதியம் 3:30 முதல் 4:30 வரை மூடும் கடைகள் உண்டு, ஞாயிறு இரவு மூடும் கடைகளும் உண்டு. முழு மணி நேரமும் மூடியிருந்த செல்களில் ஃபார்முலாவை அழித்துக் காலியாக விட்டு, சாம்பல் நிறம் பூசிவிடுங்கள். காலிச் செல்லுக்குக் கலர் ஸ்கேல் நிறம் தராது, 0-வுக்குத் தரும்.

ஜூலையோடு ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டு கட்டங்களிலும் Maxpoint-ஐ Number ஆக்கி ஒரே எண், உதாரணமாக 14000, கொடுங்கள். Percentile-இல் விட்டால் ஒவ்வொரு மாதமும் தன் உச்சத்தைத் தானே முழு அடர்த்தியாக்கிக்கொள்ளும், விற்பனை பாதியாகக் குறைந்த மாதமும் அதே மாதிரி ஜொலிக்கும்.

இன்னொரு கட்டம்: பில் எண்ணிக்கை

பணத்தை மட்டும் பார்த்து ஆள் போடுவதைத் தீர்மானித்தால் தப்பாகும். Map ஷீட்டை நகலெடுத்து, ஃபார்முலாவை மட்டும் மாற்றுங்கள்:

```
=COUNTIFS(Bills!$E:$E,B$2,Bills!$F:$F,$A4)/B$3
```

நம் ஹோட்டலில் மதியம் 1 மணிக்கு ₹14,000, 110 பில். மாலை 4 மணிக்கு ₹2,600, 90 பில். முதல் கட்டத்தில் 4 மணி வெளிறிக் கிடக்கிறது, இரண்டாவதில் மதியத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு பில் சராசரி மதியம் ₹127, மாலை ₹29. டீயும் பஜ்ஜியும் வாங்கும் 90 பேருக்கும் கல்லாவில் ஒருவர் பில் போட்டுச் சில்லறை கொடுக்கத்தான் வேண்டும். முதல் கட்டத்தை மட்டும் பார்த்து "4 மணிக்கு வியாபாரமே இல்லை, கேஷியரை வீட்டுக்கு அனுப்பலாம்" என்று முடிவெடுத்தால் அன்று மாலையே வாசலில் வரிசை நிற்கும். கொள்முதலுக்கும் மாவு, காய்கறி அளவுக்கும் பணக் கட்டத்தைப் பாருங்கள், ஆள் போடுவதற்கு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள். பெரிய ஒரே பில் இந்த இரண்டாவது கட்டத்தை அசைக்காது என்பது கூடுதல் வசதி.

மீல்ஸ் நேரம் மற்றதை மறைத்தால்

மதியம் எப்போதும் அடர்த்தி, அதனால் இரவு 7 மணி வரிசையில் கிழமைக்குக் கிழமை இருக்கும் வித்தியாசம் கண்ணில் படாது. அதற்கு மூன்றாவது ஷீட் ஒன்றில், ஒவ்வொரு செல்லையும் அதே மணியின் வாரச் சராசரியால் வகுங்கள்:

```
=Map!B4/AVERAGE(Map!$B4:$H4)
```

7 மணிக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை ₹5,200, 5,000, 5,400, 5,500, 6,900, 8,800, 9,000 என்றால் சராசரி ஏறக்குறைய ₹6,543. செவ்வாய் 0.76, வெள்ளி 1.05, சனி 1.34, ஞாயிறு 1.38. அதாவது அந்த நேரத்தில் சனியும் ஞாயிறும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெள்ளி இரவு வார இறுதி மாதிரி என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை. மூன்று நிற அளவுகோல் பொருந்துவது இந்தக் கட்டத்துக்குத்தான்: Minpoint 0.6 நீலம், Midpoint 1 வெள்ளை, Maxpoint 1.4 ஆரஞ்சு, மூன்றும் Number. நடுவில் 1 என்பதற்கு உண்மையான பொருள் இருக்கிறது, சராசரிக்கு மேலா கீழா என்று இரு பக்கம் பிரிகிறது. காலி செய்த செல்களை இங்கும் காலி செய்துவிடுங்கள், இல்லையென்றால் மூடியிருந்த நேரம் கடும் நீலத்தில் தெரியும். எக்செல்லில் ஒரு முழு வரிசையும் காலியாக இருந்து #DIV/0! வந்துவிட்டால், அந்தக் கட்டம் முழுக்கவே நிறம் ஏறாது.

படிக்கும்போது கவனிக்க

பில் நேரம் என்பது சாப்பிட்டு முடித்துப் பணம் கட்டிய நேரம். உட்கார்ந்து சாப்பிடும் கடையில் 1:05-க்குப் போட்ட பில்லுக்கான ஆர்டர் 12:30 வாக்கில் சமையலறைக்குப் போயிருக்கும். ஆகவே 1 மணிச் செல் அடர்ந்திருந்தால் பரிமாறுபவரும் சாம்பாரும் தயாராக இருக்க வேண்டியது 12-க்கும் 12:30-க்கும் இடையில். முதலில் டோக்கன் வாங்கிச் சாப்பிடும் கடையில் இந்தத் தள்ளல் இல்லை. உங்கள் சாஃப்ட்வேர் ஆர்டர் சீட்டின் நேரத்தையும் கொடுக்கிறது என்றால் சமையலறைக்காக அதையே C பத்தியில் போட்டு இன்னொரு கட்டம் எடுங்கள்.

இரவு 10 மணிச் செல் மட்டும் எல்லா நாளும் சந்தேகப்படும் அளவுக்கு அடர்ந்திருந்தால், அந்த பில்களின் நிமிடத்தைப் பாருங்கள். 10:20-க்கும் 10:25-க்கும் இடையில் 40 பில் என்றால் அது வாடிக்கையாளர் கூட்டம் இல்லை, பகலில் கையால் எழுதிய பார்சல் சீட்டுகளைக் கடை மூடும்போது ஏற்றியிருக்கிறார்கள். அவற்றை நீக்கிவிட்டுப் பாருங்கள், நாளையிலிருந்து அவ்வப்போது ஏற்றச் சொல்லுங்கள்.

கடைசியாக, இடம் நிரம்பிய நேரத்தை இந்தக் கட்டம் சரியாகச் சொல்லாது. திங்கள் முதல் வெள்ளி வரை 1 மணிச் செல் ₹13,800, 14,000, 13,900 என்று அசையாமல் நின்று, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் 12, 2 மணிச் செல்கள் மட்டும் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கினால், அந்த ₹14,000 உங்கள் 60 இருக்கைகளின் எல்லையாக இருக்கலாம். காத்திருந்து பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனவருக்கு பில் கிடையாது. ஒரு வாரம் 12:45 முதல் 1:45 வரை வாசலில் ஒருவரை நிறுத்தி, இடம் இல்லாமல் திரும்பிப் போகிறவர்களை மட்டும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணை 1 மணிச் செல்லின் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் மேஜை கூட்டுவதா, பார்சல் கவுண்டரைத் தனியாக்குவதா என்று யோசிக்கலாம்.